நான்கு கட்டங்களில் ஒரு வழக்கு

எதிர்வீட்டுப் பெண் சட்டக் கல்லூரியில் சேர்ந்து முதல் பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நீளமான நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், காண்ட்ராக்ட் பேப்பருக்கு நாற்பது கேஸுக்கும் டேபிள் போட்டு முடிச்சிட்டேன். ஒரே ஒரு கேஸ்லதான் சந்தேகம். சின்னையா கேஸ்ல பணம் கேட்டவர் அந்த அம்மாவோட சகோதரின்னு ஒரு புத்தகத்துல இருக்கு, சகோதரன்னு இன்னொரு புத்தகத்துல இருக்கு. எதை எழுதறது?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஃபேக்ட்ஸ், இஷ்யூ, ஹோல்டிங், ரீசனிங் என்று நான்கு கட்டங்கள். வண்ணப் பேனா, அடிக்கோடு, அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஃபேக்ட்ஸ் கட்டம் பக்கத்தில் பாதியைப் பிடித்திருந்தது. ரீசனிங் கட்டத்தில் ஒன்றரை வரிதான் இருந்தது.

"எதை வேணும்னாலும் எழுதும்மா. அதுக்கு முன்னாடி இதைச் சொல்லு. அந்த மகள் தனியா எந்தப் பத்திரமும் எழுதித் தரலை, தானப் பத்திரத்துல மட்டும்தான் அந்த நிபந்தனை இருந்துச்சுன்னு வெச்சுக்கோ. அப்பவும் அவருக்குப் பணம் கிடைக்குமா?"

அவள் கண் நான்கு கட்டங்களிலும் ஓடியது. விடை எதிலும் இல்லை.

சில ஆண்டுகள் சட்ட மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். வழக்கின் கதையை மனப்பாடமாக எழுதிவிட்டு, கேள்வியில் ஒரு சங்கதி மாறியதும் தடுமாறிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர்களிடமும் இப்படி ஓர் அட்டவணை இருந்திருக்கும். கட்டங்கள் நிரம்பியிருந்தாலும் ஒன்றோடொன்று பேசியிருக்காது. அவள் கொண்டுவந்த அதே வழக்கை வைத்து, கட்டங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வழியை இங்கே காட்டுகிறேன்.

வழக்கின் கதை

சின்னையா எதிர் ராமையா என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் இது சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கு. ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் 137 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. ஆண்டை 1881 என்று சில நூல்களும் 1882 என்று சில நூல்களும் போடுகின்றன. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சரியாக இருந்தால் வழக்கை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

மூதாட்டி ஒருவர் தம் நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி மகளுக்குக் கொடுத்தார். மூதாட்டியின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாயை மகள் தரவேண்டும் என்பது பத்திரத்தில் ஒரு நிபந்தனை. மூதாட்டி அதுவரை தாமே அந்தத் தொகையைக் கொடுத்துவந்தார். அதே நாளில் மகளும் அந்த உடன்பிறந்தவர் பெயருக்கு, பணத்தைத் தருவதாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாள். பிறகு தர மறுத்தாள். உடன்பிறந்தவர் வழக்குப் போட்டார்.

மகளின் தரப்பு சொன்ன பதில் எளிமையானது. "நிலம் தந்தது என் தாய். இவர் எனக்கு எதுவுமே தரவில்லை. எதையும் தராதவர் என் வாக்குறுதியைக் காட்டிப் பணம் கேட்க முடியாது."

சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதை மறுபயன் என்பார்கள். வகுப்பில் கன்சிடரேஷன் என்பது இதைத்தான். சில விலக்குகள் தவிர, மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. அந்த மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வந்தாக வேண்டுமா, வேறு ஒருவரிடமிருந்து வந்தாலும் போதுமா என்பதுதான் இந்த வழக்கில் எழுந்த சிக்கல்.

தாளைப் பிரித்தல்

ஏ4 தாளைப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை விட்டால் எழுத ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். வழக்கின் பெயருக்கு மூன்றரை, சங்கதிகளுக்கு ஆறு, எழுவினாவுக்கு ஐந்து, முடிவுக்கு நான்கு, காரணத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் என்று கோடு போடலாம். காரணத்துக்குத்தான் அதிக இடம். பெரும்பாலான மாணவர்கள் இந்த அளவைத் தலைகீழாகப் போடுகிறார்கள். சங்கதிகளுக்கு இடம் தாராளமாக இருந்தால் கை தானாகவே கதை எழுதத் தொடங்கிவிடும்.

எழுதும் வரிசையும் முக்கியம். கட்டங்கள் இடமிருந்து வலமாக நிற்கின்றன என்பதற்காக அப்படியே நிரப்பக் கூடாது. முதலில் முடிவு, அடுத்து எழுவினா, பிறகு காரணம், கடைசியில் சங்கதிகள். தீர்ப்பை ஒரு முறை முழுதாகப் படித்து முடித்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். நீதிபதி எந்தச் சங்கதியின் மேல் நின்று தீர்ப்புச் சொன்னார் என்பது காரணத்தைப் படித்தால்தான் தெரியும். அது தெரியாமல் சங்கதிகளை எழுதத் தொடங்கினால் எல்லாமே முக்கியமாகத் தோன்றும்.

முடிவு: யார் வென்றார் என்பது போதாது

அந்தப் பெண்ணின் நோட்டில் முடிவுக் கட்டத்தில் "வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு" என்று இருந்தது. பணம் யாருக்குப் போனது என்பதை அது சொல்கிறது. அடுத்த வழக்கில் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

தீர்ப்பில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, அந்த இரண்டு தரப்புக்கு மட்டும் உரிய உத்தரவு. மகள் பணத்தைத் தரவேண்டும் என்பது அது. மற்றது, எழுந்த சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை. அட்டவணைக்கு வேண்டியது இரண்டாவது. அதை "ஆம்" அல்லது "இல்லை" என்று தொடங்கி ஒரே வாக்கியத்தில் எழுதப் பழகுங்கள்.

சின்னையா வழக்குக்கு அது இப்படி வரும்: "ஆம். மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வரவேண்டியதில்லை. வேறொருவர் தந்திருந்தாலும் வாக்குறுதி பெற்றவர் வழக்குத் தொடரலாம்."

எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கில் வரும் ஆட்களின் பெயர்களையும் தொகையையும் எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அது சட்ட முடிவு. விழுந்தால் நீங்கள் எழுதியது வெறும் உத்தரவு.

எழுவினா: கண்ணி பெரிதும் வேண்டாம், சிறிதும் வேண்டாம்

இஷ்யூ என்பதற்கு நீதிமன்றத் தமிழில் எழுவினா என்று பெயர். இரு தரப்பும் முரண்படும் இடத்தில் எழும் வினா அது. முடிவை "ஆம்" என்று தொடங்கி எழுதிவிட்டால் எழுவினா பாதி கிடைத்த மாதிரிதான். அந்த "ஆம்" எந்தக் கேள்விக்கு விடை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

இங்கே பிழை இரண்டு விதமாக வரும். "மறுபயன் என்றால் என்ன?" என்று எழுதுவது ஒன்று. அது ஒரு பாடத்தின் தலைப்பு. நூறு வழக்குகளுக்குப் பொருந்தும், எதையும் தீர்க்காது. "மகள் ஆண்டுக்கு 653 ரூபாய் தரவேண்டுமா?" என்று எழுதுவது மற்றொன்று. இது இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டுமான கேள்வி, இதில் சட்டமே இல்லை. வலைக் கண்ணி பெரிதானால் மீன் நழுவும், மிகச் சிறிதானால் குப்பையெல்லாம் சேரும்.

நல்ல எழுவினாவில் சட்ட விதியின் பெயரும், சண்டையை உண்டாக்கிய சங்கதியும் சேர்ந்திருக்கும். "வாக்குறுதி பெற்றவர் தாம் எதுவும் தராத நிலையில், மூன்றாம் நபர் தந்ததை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 2(டி)-யின்படி மறுபயனாகக் காட்டி வழக்குத் தொடர முடியுமா?" இதைப் படித்தவுடன் வழக்கின் கதையும் பாதி நினைவுக்கு வருகிறது, விவாதிக்க வேண்டிய பிரிவும் கைக்கு வருகிறது.

ஒரு வழக்கில் பல எழுவினாக்கள் இருக்கலாம். உங்கள் தாளின் பாடத்துக்கு உரியதை மட்டும் எடுங்கள். இரண்டு எழுவினாக்களும் பாடத்தில் இருந்தால் வழக்குக்கு இரண்டு வரிசைகள் ஒதுக்குங்கள். ஒரே கட்டத்தில் இரண்டையும் அடைத்தால் எந்த முடிவு எந்தக் கேள்விக்கு என்பது தேர்வு நாளில் குழம்பிவிடும்.

காரணம்: இரண்டு நீதிபதிகள், இரண்டு வழிகள்

அவளுடைய நோட்டில் ஒன்றரை வரியில் முடிந்திருந்த கட்டம் இதுதான். "பிரிவு 2(டி)-யின்படி வேறு எவரும் மறுபயன் தரலாம்" என்று எழுதியிருந்தாள். தவறில்லை, ஆனால் அதில் பாதி வழக்கு காணாமல் போயிருந்தது.

இந்த வழக்கை விசாரித்தவர்கள் இன்னஸ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு நீதிபதிகள். இருவரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். வந்த வழிதான் வேறு.

கிண்டர்ஸ்லி சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு போனார். வாக்குறுதி தருபவரின் விருப்பத்தின்பேரில், வாக்குறுதி பெறுபவரோ வேறு எவருமோ ஒன்றைச் செய்தால் அது மறுபயன் என்கிறது பிரிவு 2(டி). "வேறு எவரும்" என்ற சொல்லுக்குள் தாய் அடங்குகிறார். தானப் பத்திரமும் ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் எழுதப்பட்டவை என்பதால் இரண்டையும் ஒரே நடவடிக்கையாகக் கொள்ளலாம். அப்படியானால் தாய் தந்த நிலமே மகளின் வாக்குறுதிக்கு மறுபயன்.

இன்னஸ் பழைய ஆங்கில வழக்கான டட்டன் எதிர் பூலை நோக்கிப் போனார். அது 17-ஆம் நூற்றாண்டு வழக்கு. மகளுக்குப் பணம் கொடுப்பதற்காகத் தந்தை மரங்களை வெட்டி விற்க நினைத்தார். மரங்களை வெட்டாமல் விட்டால் சகோதரிக்கு 1,000 பவுண்டு தருவதாக மகன் தந்தையிடம் வாக்களித்தான். பிறகு தரவில்லை. சகோதரி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று. தந்தைக்கும் மகளுக்கும் உள்ள நெருங்கிய உறவு அந்தத் தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. சின்னையா வழக்கும் அதைப் போன்றதே என்பது இன்னஸின் பார்வை. அதோடு, வாதி ஏற்கெனவே மூதாட்டியிடமிருந்து ஆண்டுத்தொகை பெற்றுவந்தவர். மகள் வாக்கு தவறினால் வந்துகொண்டிருந்த பணம் நின்று வாதிக்கு இழப்பு. ஆகவே மறைமுகமாக வாதியிடமிருந்தே மறுபயன் வந்ததாகக் கொள்ளலாம்.

இரண்டு காரணங்களும் ஒரே கட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால் 1, 2 என்று எண்ணிட்டுத் தனித்தனி வரிகளில், ஒவ்வொன்றும் எந்தச் சங்கதியின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் காரணம் "ஒரே நாளில் இரண்டு பத்திரங்கள்" என்ற சங்கதியின் மேல் நிற்கிறது. இரண்டாவது காரணம் "உறவு, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பணம்" என்ற சங்கதிகளின் மேல் நிற்கிறது. தேர்வில் மாறும் சங்கதி எது என்று பார்த்து, எந்தக் காரணம் விழுகிறது, எது நிற்கிறது என்று சொல்ல இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தீர்ப்புத் தொகுதிகளில் தொடக்கத்தில் ஒரு சுருக்கம் அச்சிட்டிருப்பார்கள். ஹெட்நோட் என்பது அது. தொகுப்பாளர் எழுதியது அது, தீர்ப்பின் பகுதி அல்ல. காரணக் கட்டத்தை அதிலிருந்து நிரப்பினால், இரண்டு நீதிபதிகளின் இரண்டு வழிகளும் ஒரே வரியில் கலந்துவிட வாய்ப்புண்டு. "நீதிமன்றம் சொன்னது" என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டத்தைப் பார்த்தால் அதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

சங்கதிகள்: எதை விடுவது

இப்போதுதான் முதல் கட்டத்துக்கு வருகிறோம். காரணக் கட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சங்கதியையும் ஒரே கேள்வி கேட்க வேண்டும். இது வேறு மாதிரி இருந்திருந்தால் காரணம் மாறுமா?

நிலத்துக்குப் பதில் வீட்டைத் தானம் செய்திருந்தால்? காரணம் மாறாது. "சொத்து" என்று எழுதினால் போதும். 653 ரூபாய்க்குப் பதில் 700 ரூபாயாக இருந்தால்? மாறாது. தொகையை எழுதினால் பெருமை, விட்டால் குறையில்லை. ஒப்பந்தம் அதே நாளில் எழுதப்படாமல் இருந்தால்? கிண்டர்ஸ்லியின் வழி ஆட்டம் காண்கிறது. ஆகவே "அதே நாளில்" என்ற சொல் கட்டாயம் வேண்டும். மகள் வாதியின் பெயருக்கே எழுதிக் கொடுத்தாள் என்பது? அது இல்லாவிட்டால் வழக்கே வேறு. அதைச் சிவப்பு மையில் எழுதலாம்.

வாதி சகோதரியா, சகோதரனா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. எந்த நீதிபதியின் காரணமும் வாதி ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது இல்லை. நெருங்கிய உறவு என்பதும், பணம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது என்பதும்தான் கணக்கு. பாடநூல்கள் இதில் வேறுபடுவதால் "உடன்பிறந்தவர்" என்ற தமிழ்ச் சொல்லே பாதுகாப்பானது. இரண்டையும் அது அடக்கிவிடுகிறது.

இப்படி வடிகட்டினால் அரைப் பக்கச் சங்கதி மூன்று வரிக்குள் வந்துவிடும். அதற்கு மேல் போனால் கதைதான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

பக்கத்து வரிசை

ஒற்றை வழக்கைச் சுருக்க அட்டவணை தேவையில்லை, ஒரு பத்தியே போதும். அட்டவணையின் பயன், ஒரே சிக்கலைத் தொடும் வழக்குகள் அடுத்தடுத்து நிற்கும்போது ஒரு கட்டத்தை மேலிருந்து கீழாகப் படிக்க முடிவதில்தான் இருக்கிறது. ஆகவே வழக்குகளை அகர வரிசையிலோ ஆண்டு வரிசையிலோ அடுக்காதீர்கள். சிக்கல் வாரியாக அடுக்குங்கள்.

சின்னையாவின் பக்கத்தில் இரண்டு வழக்குகள் வரவேண்டும். ஒன்று, இங்கிலாந்தில் 1861-இல் தீர்ப்பான ட்வெடில் எதிர் அட்கின்சன். மணமக்களின் தந்தையர் இருவரும் மணமகனுக்குப் பணம் தருவதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்தார்கள். மணமகளின் தந்தை தராமலே இறந்துபோனார். மணமகன் வழக்குத் தொடர்ந்தான், தோற்றான். மற்றொன்று, இந்தியாவிலிருந்து லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போன ஜம்னா தாஸ் எதிர் ராம் அவதார், 1911. அடமானத்தில் இருந்த சொத்தை உரிமையாளர் விற்றார். கடன் கொடுத்தவருக்குத் தருவதற்காக விலையில் ஒரு பகுதியை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம் என்று விற்றவரும் வாங்கியவரும் ஒப்புக்கொண்டார்கள். வாங்கியவர் தரவில்லை. கடன் கொடுத்தவர் அவர்மீது வழக்குப் போட்டார், தோற்றார்.

மூன்றையும் சேர்த்து வைத்தால் அட்டவணை இப்படி இருக்கும்.

| வழக்கு | சங்கதிகள் | எழுவினா | முடிவு | காரணம் |
|---|---|---|---|---|
| சின்னையா எதிர் ராமையா, சென்னை உயர் நீதிமன்றம், ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் 137 | தாய் மகளுக்குச் சொத்தைத் தானம் செய்தார். தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுத்தொகை தருவதாக மகள் அதே நாளில் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தாள். முன்பு தாய் தந்துவந்த தொகை அது. | வாக்குறுதி பெற்றவர் எதுவும் தராதபோது, வேறொருவர் தந்தது பிரிவு 2(டி)-யின்படி மறுபயன் ஆகுமா? | ஆம். வேறொருவர் தந்த மறுபயனும் போதும். | 1. கிண்டர்ஸ்லி: "வேறு எவரும்" என்ற சொல், இரண்டு பத்திரமும் ஒரே நடவடிக்கை. 2. இன்னஸ்: டட்டன் எதிர் பூல், பெற்றுவந்த பணம் நின்றால் வாதிக்கு இழப்பு. |
| ட்வெடில் எதிர் அட்கின்சன், இங்கிலாந்து, 1861 | மணமக்களின் தந்தையர் தங்களுக்குள் செய்த ஒப்பந்தம். பணம் மணமகனுக்கு. அவன் எதுவும் தரவில்லை. | மறுபயன் தராத மணமகன் வழக்குத் தொடரலாமா? | இல்லை. | ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வரவேண்டும். உறவு மட்டும் போதாது. |
| ஜம்னா தாஸ் எதிர் ராம் அவதார், ப்ரிவி கவுன்சில், 1911 | விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ஏற்பாடு. கடன் கொடுத்தவருக்கு யாரும் தனியே வாக்குத் தரவில்லை. | ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை அமல்படுத்தக் கேட்கலாமா? | இல்லை. | கடன் கொடுத்தவர் விற்பனை ஒப்பந்தத்தின் தரப்பு அல்ல. |

சங்கதிகள் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். சின்னையாவில் மட்டும்தான் வாக்குறுதி வாதியின் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டிலும் வேறு இருவர் பேசி முடித்ததன் பலனை வெளியில் நின்றவர் கேட்கிறார். மறுபயனுக்கு வெளியே நிற்பவர் ஒருவர், ஒப்பந்தத்துக்கே வெளியே நிற்பவர் இன்னொருவர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 2(டி) முதலாமவரைக் காப்பாற்றுகிறது. இரண்டாமவருக்குப் பொதுவாக வழி இல்லை. காண்ட்ராக்ட் தாளில் மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று. தனித்தனியாகச் சுருக்கிய வழக்குகளில் தெரியாத இந்த வித்தியாசம் மூன்று வரிசைகள் சேர்ந்து நின்றதும் தெரிந்துவிடுகிறது.

ட்வெடில் வரிசையில் வழக்கின் பெயருக்குக் கீழே சிறியதாக ஒரு குறிப்பும் போடுங்கள். மூன்றாம் நபருக்குச் சில சூழல்களில் வழக்குரிமை தரும் சட்டத்தை இங்கிலாந்து 1999-இல் கொண்டுவந்தது. பழைய விதி இன்றும் அப்படியே இருக்கிறதா என்ற குறிப்பு இல்லாத வரிசை, வழக்கு நாற்பதாண்டு பழையதானாலும் நூற்றாண்டு பழையதானாலும், தேர்வில் நம்மைக் கைவிடும்.

சங்கதியை மாற்றிப் பார்த்தல்

அட்டவணை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சங்கதியை மாற்றிவிட்டு, நோட்டைப் புரட்டாமல் விடை சொல்லிப் பார்ப்பது.

மகள் ஒப்பந்தம் எழுதித் தந்தது தானம் நடந்து ஒரு வருடம் கழித்து என்று வைத்துக்கொள்வோம். ஒரே நடவடிக்கை என்ற காரணம் பலவீனப்படுகிறது. முன்பே செய்து முடித்த செயலையும் பிரிவு 2(டி) மறுபயனாக ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அது வாக்குறுதி தருபவரின் விருப்பத்தின்பேரில் நடந்திருக்க வேண்டும். தானம் மகள் கேட்டு நடந்ததா என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். இன்னஸின் இழப்புக் காரணம் வாதிக்கு இன்னும் உதவலாம்.

இனி நான் அவளிடம் கேட்ட மாற்றம். மகள் தனியாக எதுவும் எழுதித் தரவில்லை, தானப் பத்திரத்தில் நிபந்தனை மட்டும் இருக்கிறது. இப்போது உடன்பிறந்தவர் ஒப்பந்தத்துக்கே வெளியே நிற்கிறார். அவர் சின்னையா வரிசையிலிருந்து இறங்கி ஜம்னா தாஸ் வரிசைக்கு வந்துவிடுகிறார். பொதுவிதிப்படி தோற்க வேண்டியவர். ஆனால் ஒரு கதவு திறந்திருக்கலாம். 1910-இல் க்வாஜா முகமது கான் எதிர் ஹுசைனி பேகம் வழக்கில், மாமனார் மணமகளின் தந்தையோடு செய்த ஒப்பந்தத்தை, அதில் தரப்பாக இல்லாத மருமகள் அமல்படுத்தலாம் என்று ப்ரிவி கவுன்சில் ஏற்றது. மாதம் 500 ரூபாய் தருவதாக எழுதி, அந்தத் தொகைக்குக் குறிப்பிட்ட சொத்தையே பொறுப்பாக்கியிருந்தார்கள். ஆகவே தானப் பத்திரத்தில் அந்த நிலத்தின் மீதே ஆண்டுத்தொகைக்குப் பொறுப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் அட்டவணையில் இல்லாத விடை இதுதான். ஜம்னா தாஸும் ஹுசைனி பேகமும் அவளிடமும் இருந்தன, ஆனால் பதினேழு பக்கம் தள்ளி.

விடைத்தாளில்

தேர்வறையில் அட்டவணையை அப்படியே இறக்கிவைக்கக் கூடாது. கேள்விக்கு ஏற்றபடி அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஒரு மாதிரிக் கேள்வி இதோ.

மூதாட்டி ஒருவர் தம் வீட்டைப் பேரனுக்குத் தானமாக எழுதிவைக்கிறார். தம்மைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவன் மாதம் 4,000 ரூபாய் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதே நாளில் பேரன் அந்தப் பெண்ணின் பெயருக்கு அப்படியே எழுதிக் கொடுக்கிறான். அவள் உறவுக்காரி அல்ல, அதற்கு முன் மூதாட்டியிடமிருந்து பணம் எதுவும் பெற்றதில்லை. பேரன் தர மறுக்கிறான். அவள் வழக்குத் தொடரலாமா?

விடையின் நடுப்பகுதி இப்படிப் போகலாம்: "பக்கத்து வீட்டுப் பெண் எதுவும் தராத நிலையில், மூதாட்டி தந்த வீடு பேரனின் வாக்குறுதிக்கு மறுபயன் ஆகுமா என்பதே எழுவினா. பிரிவு 2(டி)-யில் மறுபயனை வாக்குறுதி பெற்றவரோ வேறு எவருமோ தரலாம். சின்னையா எதிர் ராமையாவில், தாய் தந்த சொத்தை மகளின் வாக்குறுதிக்கு மறுபயனாகச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. இங்கே வாதி உறவினர் அல்லர், முன்பு பணம் பெற்றவரும் அல்லர். ஆகவே உறவையும் இழப்பையும் பற்றி நீதிபதி இன்னஸ் கூறிய காரணம் இவருக்கு உதவாது. ஆனால் தானமும் ஒப்பந்தமும் ஒரே நாளில் நடந்தவை. எனவே நீதிபதி கிண்டர்ஸ்லியின் காரணம் முழுமையாகப் பொருந்துகிறது. வாக்குறுதி இவர் பெயருக்கே தரப்பட்டதால் ஜம்னா தாஸ் வழக்கின் தடையும் இவருக்கு இல்லை. ஆகவே இவர் வழக்குத் தொடரலாம்."

வழக்கின் கதைக்கு இதில் ஒரே வரிதான் போயிருக்கிறது. மீதி எல்லாம் காரணக் கட்டத்திலிருந்து வந்தவை. இரண்டு காரணங்களையும் பிரித்து வைத்திருந்ததால்தான் ஒன்று விழுந்தும் மற்றது நிற்கிறது என்று எழுத முடிந்தது. ஒன்றரை வரி வைத்திருந்தவர் "சின்னையா வழக்கின்படி அவள் வெல்வாள்" என்று எழுதி நிறுத்தியிருப்பார். முடிவு சரிதான். ஆனால் உறவு இல்லை, முன்பு பணம் பெறவில்லை என்று கேள்வியில் வேண்டுமென்றே சேர்த்த இரண்டு சங்கதிகளையும் அவர் தொடவே இல்லை. மதிப்பெண் அங்கேதான் இருந்தது.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். நாற்பது வழக்கை இருபத்திரண்டாகக் குறைத்திருந்தாள். நோட்டை விட்டுவிட்டுத் தனித்தாள்களுக்கு மாறியிருந்தாள். சிக்கல் வாரியாக அடுக்க அதுதான் வசதி என்றாள். சின்னையா தாளில் "உடன்பிறந்தவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, "அதே நாளில், அவர் பெயருக்கே" என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அதன் கீழே ஜம்னா தாஸ், அதன் கீழே ஹுசைனி பேகம். நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவளே என்னிடம் ஒன்றைக் கேட்டாள்.

"சார், அந்த அம்மா சொத்தைத் தானமா தராம, மகளுக்கு வித்திருந்தா?"